மோட்டார் கன்ட்ரோலில் போலை வைப்பது -4-லா, -40-லா?

கோவைப் பட்டறை ஒன்றில் 24 வோல்ட் டிசி மோட்டார் ஒரு தண்டைத் திருப்புகிறது என்று வையுங்க. மாடல் `4/(s(s+2))`, உள்ளீடு வோல்ட், வெளியீடு ரேடியன். கோணம், வேகம் இரண்டையும் ஃபீட்பேக் எடுத்து, மோட்டார் எவ்வளவு வேகமாக அடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் இரண்டு போல்களையும் `-p`-யில் வைத்தால் கோணத்துக்கான கெயின் `p²/4`.

கெயின்: -4-க்கு 4. -40-க்கு 400. போல் பத்து மடங்கு நகர்ந்தால் கெயின் நூறு மடங்கு.

1 ரேடியன் ஸ்டெப் கொடுத்த நொடியில் கேட்கும் மின்னழுத்தம்: 4 வோல்ட், 400 வோல்ட். டிரைவர் 24-க்கு மேல் தராது. அங்கே முட்டி நிற்கும்வரை ஃபீட்பேக் அறுந்த மாதிரிதான், போல் இருக்கும் இடத்துக்கு அர்த்தமே இல்லை.

செட்டில் ஆகும் நேரம்: சுமார் 1.5 வினாடி, காகிதத்தில் 0.15. ஆனால் முழு 24 வோல்ட்டில் முடுக்கி, முழுசாகப் பிரேக் பிடித்தாலும் ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். அந்த 0.15 கிடைக்கவே கிடைக்காது.

என்கோடர் 0.01 ரேடியன் துள்ளினால்: 0.04 வோல்ட்; 4 வோல்ட். இரண்டாவதில் மோட்டார் நின்ற இடத்திலேயே ரீங்காரமிட்டுச் சூடாகும்.

மெதுவான தண்டுக்கு -4 போதும். வேகம் வேண்டுமென்றால் `p²/4` × பெரிய ஸ்டெப் 24-க்குள் அடங்கணும். 1 ரேடியனுக்கு -9 வரை போகலாம். அதற்கும் மேல் வேண்டுமா? கெயினைத் தொடாதீங்க, பெரிய டிரைவரும் மோட்டாரும் வாங்குங்க.