குளோர்பெனிரமினா, ஃபெக்சோஃபெனடினா?

இரண்டுமே ஒவ்வாமை மருந்துகள்; தும்மலையும் அரிப்பையும் தூண்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பதால் இரண்டுமே கேட்கும். தூக்கத்தில்தான் வித்தியாசம். முதல் தலைமுறை குளோர்பெனிரமின் கொழுப்பில் கரைந்து மூளைக்குள் எளிதில் நுழைகிறது. அங்கே நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினையும் தடுத்துவிடுகிறது. இரண்டாம் தலைமுறை ஃபெக்சோஃபெனடினை மூளை ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள ஒரு புரதம் வெளியே தள்ளிவிடும்.

இரவு 10 மணிக்கு 4 மி.கி. குளோர்பெனிரமின் போட்ட ஓட்டுநர், காலை 6 மணிக்குத் தெளிவாக இருப்பதாக நினைக்கலாம். ஆனால் பெரியவர்களுக்கு அது பாதியாகக் குறையவே சுமார் 20 மணி நேரம் ஆகும். பிரேக் பிடிப்பது தாமதமாகலாம். அவருக்கு ஃபெக்சோஃபெனடினே என் தேர்வு. அதைத் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும்; ஆரஞ்சு, ஆப்பிள் சாறு மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். செட்டிரிசினும் இரண்டாம் தலைமுறைதான், ஆனாலும் 10 மி.கி.யிலேயே சிலருக்குக் கண் சொக்கும்.