3.5 கிலோவாட் கேட்டேன், 3.5 டன் மாட்டிவிட்டுப் போனார்கள்

குன்னூரில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு அறையில் ஹோம்மேட் சாக்லேட் செய்து விற்கிறேன். மலையில் இருந்துகொண்டு ஏசி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அச்சில் ஊற்றிய சாக்லேட் உறைய 18 டிகிரி வேண்டும், காற்றும் காய்ந்திருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே உருக்கும் மெஷினும் ஓடினால் அறை 27, 28 டிகிரிக்குப் போய்விடும். மழைக்காலத்தில் சூடு இல்லை, ஆனால் பனிமூட்டம் கதவு வழியாகவே உள்ளே வரும். இங்கே ஏசி வைத்திருப்பவர்கள் குறைவு என்பதால் விசாரிக்கவும் ஆள் கிடையாது. அந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன், சின்னத் தொழில் செய்கிறவர்கள் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்லேட்டை உருக்கிப் பதமாக்கும் டெம்பரிங் மெஷினை விற்ற கம்பெனியின் இன்ஜினியர் அறையை அளந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மெஷின் விடும் சூடு 800 வாட், கூரையும் சுவரும் சேர்ந்து 1,000 வாட், கதவு திறக்கும்போது வரும் ஈரக்காற்றுக்கு 500, வேலை செய்யும் இரண்டு பேருக்கு 240, அப்புறம் விளக்கு, ஃப்ரிட்ஜ், உறையும் சாக்லேட்டே விடும் வெப்பம். எல்லாம் கூட்டி, கொஞ்சம் கூடுதலாக வைத்து, கடைசி வரியில் 'குளிர்விக்க வேண்டிய வெப்பம் 3.5 கிலோவாட்' என்று போட்டிருந்தார். தாள் தப்பில்லை. அதை எடுத்துக்கொண்டு சமவெளியில் ஒரு ஏசி கடைக்குப் போனேன்.

கடைக்காரர் தாளைப் பார்த்ததும் சொன்னார்: "மேடம், ஒரு டன் ஏசி ஒரு கிலோவாட் கரண்ட் இழுக்கும். உங்களுக்கு மூணரை கிலோவாட்னா மூணரை டன் போடணும். ஒரே மெஷினா போட்டா செலவு ஜாஸ்தி. ஒண்ணரை டன் ஒண்ணு, ரெண்டு டன் ஒண்ணு போட்டுடலாம்." கேட்கச் சரியாகத்தான் இருந்தது. நம் வீடுகளில் எல்லோரும் சொல்கிற கணக்குதானே அது. இரண்டு மெஷின், இரண்டு ஸ்டெபிலைசர், காப்பர் குழாய், ஆள் கூலி என்று பணத்தைக் கட்டிவிட்டேன். இரண்டும், தேவைக்குத் தகுந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் இல்லாத பழைய ரகம் என்பதும் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மே மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. போட்ட ஐந்தாவது நிமிடம் அறை சில்லென்று ஆகிவிடும், நான் சந்தோஷப்பட்டேன். அக்டோபர் மழை தொடங்கியதும்தான் தட்டுகளில் இருந்த சாக்லேட் மேல் வெள்ளை பூக்க ஆரம்பித்தது. முதலில் டெம்பரிங் சரியில்லை என்று நினைத்து உருக்கும் சூட்டை மாற்றி மாற்றிப் பார்த்தேன். இதில் ஒரு வித்தியாசம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கொழுப்பு பூத்திருந்தால் விரலால் தேய்க்க வழவழவென்று கரைந்து போகும். சர்க்கரை பூத்திருந்தால் தேய்த்தாலும் போகாது, கை சொரசொரவென்று உணரும். என்னுடையது சொரசொர. அதாவது சாக்லேட் மேல் ஈரம் படிந்து, சர்க்கரையைக் கரைத்து, மறுபடி காய்ந்திருக்கிறது. ஏசி ஓடுகிற அறையில் ஈரமா? ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி மாட்டினேன். 78 சதவீதம் காட்டியது. 60-க்குக் கீழே இருக்க வேண்டிய அறை.

அந்த சீசனில் 46 கிலோ சாக்லேட்டை விற்க முடியாமல் மறுபடி உருக்கினேன்.

என் சித்தப்பா மகன் மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு கோல்ட் ஸ்டோரேஜில் மெக்கானிக். தீபாவளிக்கு வந்தவனை அறைக்குக் கூட்டிப் போனேன். அவன் பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் நின்று அவுட்டோர் யூனிட்டின் சத்தத்தையே கேட்டான். நாலு நிமிடம் ஓடுகிறது, நிற்கிறது, பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஓடுகிறது. "அக்கா, இந்த அறைக்கு இது ரொம்பப் பெரிய மெஷின். தண்ணீர்க் குழாயைப் பாருங்க, சொட்டே இல்லை" என்றான்.

இதை அவன் எனக்குப் புரிய வைத்த விதத்திலேயே சொல்கிறேன். ஏசி காற்றைக் காய வைப்பது, உள்ளே இருக்கும் காயில் என்ற குழாய்ச் சுருள் ஜில்லென்று ஆகி, அதன் மேல் ஈரம் வியர்த்து, குழாய் வழியாக வெளியே போவதால்தான். கம்ப்ரசர் கிளம்பி காயில் நன்றாகக் குளிர்ந்து சொட்ட ஆரம்பிக்கவே சில நிமிடம் ஆகும். என் மெஷினோ அதற்குள் அறையை 18-க்குக் கொண்டுவந்துவிட்டு நின்றுவிடுகிறது. கம்ப்ரசர் நின்றாலும் உள்ளே விசிறி சுற்றுவதால், காயிலில் வியர்த்த ஈரம் திரும்பவும் அறைக்கே வந்துவிடுகிறது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே இருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த சாக்லேட் மேல் பட்டு வியர்க்கிறது. நல்ல அளவுள்ள மெஷின் விடாமல் ஓடும், விடாமல் சொட்டும்.

பிறகு அந்த இன்ஜினியர் தாளையும் கடை பில்லையும் கேட்டான். இங்கேதான் விஷயம்.

ஏசியில் டன் என்பது மெஷினின் எடையும் இல்லை, கரண்டும் இல்லை. ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன் பனிக்கட்டி விற்ற காலத்து அளவு. ஒரு அமெரிக்க டன், அதாவது 2,000 பவுண்டு, நம் கணக்கில் 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அதுதான் ஒரு டன் குளிர். ஒரு பவுண்டு பனிக்கட்டி உருக 144 பிடியு வேண்டும். 2,000 பவுண்டுக்கு 2,88,000 பிடியு. 24-ஆல் வகுத்தால் மணிக்கு 12,000 பிடியு. பிடியு என்பது ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்கும் வெப்பம். கடைகளில் 'மணிக்கு' என்பதை விட்டுவிட்டு வெறும் பிடியு என்றுதான் சொல்வார்கள். அந்த 'மணிக்கு' இல்லாமல் அது ஏசியின் திறனே ஆகாது.

கிலோவாட்டும் வெப்பம் நகரும் வேகம்தான். ஒரு கிலோவாட் என்றால் மணிக்கு 3,412 பிடியு. 12,000-ஐ 3,412-ஆல் வகுத்தால் 3.517. ஆக, ஒரு டன் என்றால் 3.517 கிலோவாட் குளிர். என் தாளில் இருந்தது 3.5 கிலோவாட். ஒரே ஒரு டன்!

கடைக்காரர் சொன்ன 'ஒரு டன்னுக்கு ஒரு கிலோவாட்' பொய்யில்லை, ஆனால் அது மெஷின் தின்னும் கரண்ட். ஒரு கிலோவாட் கரண்டை வைத்து ஏசி மூன்று, மூன்றரை கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளும். இரண்டுக்கும் ஒரே பெயர் கிலோவாட் என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிடலாம். என் விஷயத்தில் அதைத்தான் செய்தார்கள்.

தெரியாமல் செய்தாரா என்று நானும் முதலில் யோசித்தேன். ஆனால் பில்லில் மொத்தத் திறன் 42,000 பிடியு என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். 3.5 × 12,000 = 42,000. டன்னிலிருந்து பிடியுவுக்குப் போக அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. என் தாளில் இருந்த 3.5 கிலோவாட்டை அதேபோல் மாற்றியிருந்தால் 3.5 × 3,412 = 11,942 வந்திருக்கும். அந்த ஒரு பெருக்கலை மட்டும் செய்யவில்லை.

போன் செய்தபோது அவர் ஒரு பதில் வைத்திருந்தார். "மெஷின் மேல இருக்கிற லேபிளைப் பாருங்க மேடம், பவர் இன்புட் ஒண்ணுல 1,600, இன்னொண்ணுல 2,050. கூட்டினா 3,650 வாட். நீங்க கேட்ட மூணரை கிலோவாட்தானே குடுத்திருக்கேன்." தம்பி போனை வாங்கி, அதே லேபிளில் அதற்குப் பக்கத்து வரியைப் படிக்கச் சொன்னான். கூலிங் கெபாசிட்டி: 5,050 வாட், 6,500 வாட். மொத்தம் 11,550. எனக்குத் தேவையான 3,500-ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல். போனில் சத்தமே இல்லை.

அதனால் கடையில் டன் சொன்னால் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், லேபிளில் கூலிங் கெபாசிட்டி எத்தனை வாட் என்று நீங்களே படியுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. சரியான ஒன்றரை டன் என்றால் 5,275 வாட் இருக்க வேண்டும், ஆனால் ஒன்றரை டன் என்று விற்கும் மெஷின்களில் 4,800, 5,000 வாட் இருப்பதும் சாதாரணம். என்னுடையதே 5,050-தான். அந்த லேபிள் எண்ணும் வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி வைத்துச் சோதித்தது. குன்னூரில் வெளியே அவ்வளவு சூடு இல்லாததால் மெஷினுக்குச் சுலபம். ஆனால் உள்ளே 18 வரை இறக்கும்போது திறன் குறையும், மலைக்காற்று மெலிந்திருப்பதாலும் கொஞ்சம் குறையும். ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஈடாகிவிடும் என்று தம்பி சொன்னான். எங்கள் அறையில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் 16, 15 என்று கீழே போக நினைத்தால் சாதாரண ஏசியில் காயில் பனி கட்டிவிடும், அதற்கு வேறு மெஷின்.

கொட்டேஷனில் 'குளிர்விக்கும் திறன் இத்தனை கிலோவாட், மின்சாரம் இத்தனை கிலோவாட்' என்று இரண்டு வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே வரியில் கிலோவாட் என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் 2 டன்னை நிறுத்திவிட்டு 1.5 டன்னை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். விசிறியைக் குறைத்து வைத்தும் ஈரப்பதம் 68-க்குக் கீழே இறங்கவில்லை, மழைநாளில் அறைக்கு 2 கிலோவாட்டே போதும் என்பதால். கடைசியில் லேபிளில் 3,500 வாட் போட்ட ஒரு டன் இன்வெர்ட்டர் வாங்கினேன். பாதித் திறனில் 1,750 என்று அதே லேபிளில் இருக்கிறது, மழைநாளில் அது மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். மீட்டர் இப்போது 54-க்கும் 58-க்கும் நடுவில் நிற்கிறது. குழாய்க்குக் கீழே வைத்த வாளி சாயங்காலத்துக்குள் பாதி நிறைகிறது.

கடைக்காரரிடம் தாள், பில், இரண்டு லேபிளின் படம் மூன்றையும் அனுப்பி, 1915 நுகர்வோர் எண்ணில் புகார் கொடுப்பதாகச் சொன்ன பிறகு 2 டன் மெஷினைப் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். 1.5 டன்னை எடுக்க மறுத்துவிட்டார். அது இன்னும் விறகுக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டுக் கிடக்கிறது. குழாயும் ஆள் கூலியும் போனது போனதுதான்.