டெக்னீஷியன் வாசலுக்கு வராமல் மெசேஜில் வந்த கோடைச் சொல்லாதீர்கள்

போன மாதம் எங்கள் வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறாமல் நின்றுவிட்டது. துணியெல்லாம் சோப்புத் தண்ணீருக்குள் மிதக்கிறது. இரண்டு வருட வாரண்டி முடிய மூன்று நாள்தான் பாக்கி. உடனே கஸ்டமர் கேருக்கு போன் செய்து புகார் பதிந்தேன். மறுநாள் காலை பத்திலிருந்து இரண்டுக்குள் டெக்னீஷியன் வருவார் என்றார்கள். அரை நாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

பதினொன்று இருபதுக்கு போன் வந்தது. "சார், லேண்ட்மார்க் சொல்லுங்க." நான், "ராம் நகர், பிள்ளையார் கோவிலுக்குப் பக்கத்துல, பிளாட் நம்பர் 14" என்றேன். "சரி சார், அரை மணி நேரத்துல வந்துடறேன்." நான் சொன்ன அந்த ஒரு வரியில் மூன்று ஓட்டைகள் இருந்தன. அன்றைக்குத் தெரியவில்லை.

ஒன்றே முக்கால் வரை யாரும் வரவில்லை. அப்புறம் அதே நம்பரிலிருந்து போன். "சார், உங்க தெருகிட்டதான் நிக்கறேன். உங்க போனுக்கு ஒரு நாலு நம்பர் கோடு வந்திருக்கும், அதைச் சொன்னீங்கன்னா லொகேஷன் கன்ஃபர்ம் ஆயிடும்." மெசேஜைத் திறந்தேன், நம்பரை மட்டும் பார்த்தேன், சொன்னேன். ஐந்து நிமிடத்தில் இன்னொரு மெசேஜ்: உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள். வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. திரும்பக் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

முதல் மெசேஜை அப்போதுதான் முழுசாகப் படித்தேன். வேலை முடிந்து உங்களுக்குத் திருப்தியான பிறகு மட்டும் இந்தக் கோடைச் சொல்லுங்கள் என்று அதிலேயே எழுதியிருந்தது. வழி காட்டுவதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது புகாரை மூடும் சாவி. ஆள் வராமல் போனால் 'வீடு பூட்டியிருந்தது' என்று குறிப்பெழுதி மூடுவார்கள், அதையாவது நாம் மறுக்கலாம். கோடு கொடுத்து மூடிவிட்டால், வாடிக்கையாளரே வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டது மாதிரி.

கஸ்டமர் கேரில் அதைத்தான் சொன்னார்கள். "சிஸ்டத்துல சரி செய்யப்பட்டதுன்னு இருக்கு சார். புதுசா கம்ப்ளெய்ண்ட் போட்டா அடுத்த ஸ்லாட் நாலு நாள் கழிச்சுதான். அதுக்குள்ள உங்க வாரண்டி முடிஞ்சிடும், விசிட் சார்ஜ் ஐநூறு, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 590 ரூபாய் ஆகும்." பாகம் மாற்றினால் அது தனி.

நான் புதுப் புகார் போடவில்லை. போட்டிருந்தால் வாரண்டி இருக்கிறதா இல்லையா என்பதை அந்தப் புதுப் புகாரை வைத்தே பார்த்திருப்பார்கள். பழைய புகார் எண்ணையே பிடித்துக்கொண்டு, அதைத் திரும்பத் திறக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். புகார் பதிந்த நாளின் மெசேஜ், பதினொன்று இருபது, ஒன்றே முக்கால் இரண்டு அழைப்பும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட், தண்ணீர் நிற்கும் மெஷினின் படம், இவ்வளவுதான் இணைத்தேன். இரண்டு நாள் பதிலில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து பதிந்தேன். அதன் பிறகு கம்பெனியிலிருந்தே கூப்பிட்டார்கள், முதல் புகார் தேதியே கணக்கு என்று ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாவதாக வந்தவர் வேறு ஆள். டிரெயின் மோட்டார் போயிருந்தது, இலவசமாக மாற்றினார். அவர் கையிலிருந்த போனில் என் முகவரி எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று காட்டச் சொன்னேன். 'ராம் நகர், சென்னை' என்று மட்டும் இருந்தது. பின்கோடே இல்லை. எங்களுடையது மடிப்பாக்கம் ராம் நகர். நங்கநல்லூரிலும் ராம் நகர் உண்டு, வேளச்சேரியிலும் உண்டு. "முதல்ல வந்தவர் நங்கநல்லூர்லதான் சுத்தியிருப்பார் சார், எனக்கே ரெண்டு தடவை ஆயிருக்கு" என்றார். பிள்ளையார் கோவில் இல்லாத தெருவை சென்னையில் எங்கே தேடுவது? அந்த மனிதரும் ஏதோ ஒரு பிள்ளையாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என் வீட்டைத் தேடியிருக்கிறார். அதற்காக என்னிடம் பொய் சொல்லிக் கோடு வாங்கியதை மன்னிக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

மூன்றாவது ஓட்டை 'பிளாட்'. லேஅவுட் போட்டு விற்ற பகுதிகளில் மனை எண்ணையும் பிளாட் என்கிறோம், அடுக்குமாடி வீட்டு எண்ணையும் பிளாட் என்கிறோம். காதில் விழுவது ஒன்றுதான். 14 என்பது என் மனை எண், கதவு எண் வேறு. சரியான ஊருக்கே வந்திருந்தாலும் ஏதாவது அபார்ட்மெண்டில் பதினான்காம் வீட்டைத் தேடியிருப்பார். ஆகவே இப்போது 'மனை எண் 14, தனி வீடு' என்றுதான் சொல்கிறேன்.

அடையாளம் சொல்லும் முறையையும் அந்த இரண்டாவது ஆளிடமே கற்றேன். வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு உதவாது, பைக்கில் வருகிறவர் எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதுதான் வேண்டும். மெயின் ரோட்டில் எதைத் தாண்டியதும் திரும்புவது, இடதா வலதா, திரும்பிய பிறகு எத்தனையாவது வீடு, கேட் என்ன நிறம். டீக்கடை, தள்ளுவண்டியெல்லாம் வேண்டாம், மதியம் இருக்காது. இதைச் சொல்லி முடித்ததும் "இப்ப நீங்க எங்க நிக்கறீங்க, எதிர்ல என்ன தெரியுது?" என்று கேட்டுவிட வேண்டும். அன்றைக்கு இதைக் கேட்டிருந்தால் அவர் ஒரு கடைப் பெயர் சொல்லியிருப்பார், எனக்கு அது நங்கநல்லூர் என்று அந்த நொடியே புரிந்திருக்கும்.

வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பினால் போதுமே என்பீர்கள். நானும் அனுப்பிப் பார்த்தேன், ஹாலில் சோபாவில் உட்கார்ந்தபடி. பின்தெரு வீட்டில் போய்க் குத்தி நின்றது. கேட்டுக்கு வெளியே வந்து ஒரு நிமிடம் நின்றால், எத்தனை மீட்டர் வரை துல்லியம் என்று அது காட்டும் எண் குறைகிறது. குறைந்த பிறகு அனுப்புங்கள்.

நேரம் பற்றி ஒன்று. 'அரை மணி நேரத்துல' என்பதை நம்பாதீர்கள். பத்து முதல் இரண்டு என்பது ஆபீஸ் கொடுக்கிற ஸ்லாட், அவருடைய நாள் 'கால்' கணக்கில், அதாவது போக வேண்டிய வீடுகளின் கணக்கில் ஓடுகிறது. "எனக்கு முன்னாடி இன்னும் எத்தனை கால் இருக்கு, இப்ப எந்த ஏரியா?" என்று கேட்டால் உண்மையான பதில் வரும். இரண்டாவது ஆள், "ரெண்டு கால் இருக்கு சார், இப்ப கீழ்க்கட்டளை, ஒரு மணிக்கு மேலதான்" என்றார். ஒன்றேகாலுக்கு வந்தார்.

வேலை முடிந்ததும் அவரும் கோடு கேட்டார். மெஷினை ஓடவிட்டு, தண்ணீர் முழுக்க வெளியேறி, டிரம் சுற்றி நிற்கும் வரை பக்கத்திலேயே நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார். அப்புறம்தான் சொன்னேன்.