கொழுப்பு மாத்திரை தொடங்கிய பின் ரத்தப் பரிசோதனை: மூன்று மாதத்துக்கு ஒரு முறையா, ஆண்டுக்கு ஒரு முறையா?

அடோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் போன்ற ஸ்டேட்டின் மாத்திரை தொடங்கியவரிடம் பெரும்பாலும் ஒரே சீட்டில் இரண்டு பரிசோதனைகளை எழுதித் தருவார்கள். ஒன்று லிப்பிட் புரொஃபைல். மற்றொன்று கல்லீரல் பரிசோதனை. ஒரே ஊசிக்குத்தில் இரண்டுக்கும் ரத்தம் எடுத்துவிடலாம் என்பது வசதிதான். ஆனால் அந்த வசதியே ஒரு குழப்பத்துக்கும் காரணமாகிறது, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு கேள்விக்கு விடை தேடுகின்றன. 'மருந்து வேலை செய்கிறதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறோமா' என்பது லிப்பிட் பரிசோதனையின் கேள்வி. அது மருந்து உள்ளவரை அவ்வப்போது எழும். 'கல்லீரல் இந்த மருந்தைத் தாங்குகிறதா' என்பது இரண்டாவது கேள்வி. அதற்கான விடை பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே கிடைத்துவிடும்.

இப்போது புழக்கத்தில் உள்ள அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

| வழிமுறை | லிப்பிட் | கல்லீரல் நொதி (ஏஎல்டி) |
|---|---|---|
| அமெரிக்க இதய அமைப்புகள், 2018 | 4–12 வாரத்தில். பிறகு 3–12 மாதத்துக்கு ஒரு முறை | தொடங்கும் முன். பிறகு அறிகுறி இருந்தால் மட்டும் |
| ஐரோப்பிய இதய அமைப்புகள், 2019 | சுமார் 8 வாரத்தில். இலக்கை எட்டியபின் ஆண்டுக்கு ஒரு முறை | தொடங்கும் முன். 8–12 வாரத்தில் ஒரு முறை. பிறகு வழக்கமாகத் தேவையில்லை |
| பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் | 3 மாதவாக்கில்; பிறகு ஆண்டு மதிப்பாய்வு | தொடங்கும் முன்; 3 மாதத்துக்குள்; 12வது மாதத்தில்; அத்தோடு போதும் |
| பலர் செய்துவருவது | 3 மாதத்துக்கு ஒரு முறை, முடிவில்லாமல் | அதே 3 மாதம், முடிவில்லாமல் |

முதல் மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தோன்றினாலும் முக்கியமான இடத்தில் ஒத்துப்போகின்றன. முதல் லிப்பிட் பரிசோதனை 4 வாரத்துக்கு முன்னால் வேண்டாம், 12 வாரத்தைத் தாண்டியும் வேண்டாம். மாத்திரையின் முழுப் பலன் 4 முதல் 6 வாரத்துக்குள் ரத்தத்தில் தெரிந்துவிடுகிறது. பத்தாம் நாளே பார்த்தால் எண் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். ஆறு மாதம் காத்திருந்தால், சரியாகச் சாப்பிடாதவரும் மருந்தளவு போதாதவரும் அத்தனை காலமும் கண்ணில் படாமலே போய்விடுவார்கள்.

உண்மையான வேறுபாடு கல்லீரல் பத்தியில்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-லேயே ஸ்டேட்டின் மருந்துக் குறிப்பிலிருந்து அவ்வப்போது கல்லீரல் நொதி பார்க்கும் அறிவுரையை நீக்கிவிட்டது. ஸ்டேட்டினால் கல்லீரலுக்குக் கடும் பாதிப்பு வருவது மிக அரிது; வந்தாலும் முன்கூட்டிக் கணிக்க முடியாதபடி வரும். மாதம் தவறாமல் ரத்தம் எடுத்தாலும் அதை முன்னதாகப் பிடித்துவிட முடியாது என்பதுதான் அந்த முடிவின் அடிப்படை. அப்படியானால் ஐரோப்பிய வழிமுறை ஏன் 8–12 வாரத்தில் ஒரு முறை பார்க்கச் சொல்கிறது? மருந்தால் நொதி ஏறுமென்றால், அது பெரும்பாலும் அந்தத் தொடக்க மாதங்களில்தான் ஏறும். எப்படியும் லிப்பிட்டுக்காக ரத்தம் எடுக்கும் நாள் அது. என் கணக்கில் இதுவே நடுநிலையான ஏற்பாடு: கூடுதல் ஊசி இல்லை, கேட்க வேண்டிய கேள்வியும் விடுபடுவதில்லை.

மூன்றும் விட்டுக்கொடுக்காத ஒன்று, தொடங்கும் முன் எடுக்கும் அளவு. அது ஏன் என்பதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம்.

54 வயதுக்காரர். இதுவரை மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 160 மி.கி./டெசிலிட்டர். மருத்துவர் வைத்த இலக்கு 100-க்குக் கீழே. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்தது. ஏஎல்டி 52, அந்த ஆய்வகத்தின் மேல்வரம்பு 40. (சில ஆய்வகங்கள் இதையே எஸ்ஜிபிடி என்று அச்சிடும். இரண்டும் ஒன்றுதான்.) கொழுப்பு படிந்த கல்லீரல் இருப்பதும் நொதி சற்றுக் கூடியிருப்பதும் ஸ்டேட்டினைத் தவிர்ப்பதற்கான காரணங்கள் அல்ல. அடோர்வாஸ்டேட்டின் 20 மி.கி. தொடங்கப்படுகிறது. இந்த அளவு எல்டிஎல்லைச் சராசரியாக 40 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைக்கும். அதாவது 8 வாரத்தில் 90-ஐ ஒட்டி எதிர்பார்க்கலாம்.

8வது வார ரிப்போர்ட்: எல்டிஎல் 122, ஏஎல்டி 78.

ஏஎல்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கே பார்க்க வேண்டிய கோடு மேல்வரம்பின் மூன்று மடங்கு, அதாவது 120. அதற்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தாமல் 4–6 வாரம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். 120-ஐத் தாண்டியிருந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். 4–6 வாரத்துக்குள் மீண்டும் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் கவனமாக மறுபடி தொடங்குவார். நொதியோடு, மஞ்சள் காமாலையில் கூடும் நிறப்பொருளான பிலிருபினும் சேர்ந்து ஏறியிருந்தால் அது வேறு கதை. அதற்குக் காத்திருப்பது கிடையாது. இவருடைய தொடக்க அளவு 52 என்பது தெரியும் என்பதால், 78 என்பது 'ஒன்றரை மடங்கு ஏற்றம்' என்று படிகிறது. அது தெரியாமல் போயிருந்தால், ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் நிற்கும் 78-ஐப் பார்த்ததுமே மாத்திரையைத் தூக்கிப் போட்டிருப்பார். ஸ்டேட்டின் வீணாக நிறுத்தப்படுவது பல நேரம் இப்படித்தான்.

எல்டிஎல் கதை இன்னும் சுவையானது. 160-லிருந்து 122 என்றால் 24 சதவீதக் குறைவு. எதிர்பார்த்ததில் பாதியைச் சற்றே தாண்டியிருக்கிறது. கை உடனே 40 மி.கி. எழுதத்தான் போகும். அதற்குமுன் அட்டைகளை எண்ண வேண்டும். பத்து மாத்திரை அட்டை ஆறு வாங்கினார், மொத்தம் 60. 56 நாள் கழிந்தபின் 4 மீதி இருக்க வேண்டும். 24 இருந்தன. சாப்பிட்டது 36, அதாவது மூன்று நாளில் ஏறக்குறைய இரண்டு நாள். ஸ்டேட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் கூடுதல் குறைவு தொடக்க அளவில் சுமார் 6 சதவீதம்தான். இவருக்கு அது 10 புள்ளி. இருக்கிற 20 மி.கி.யை தினமும் சாப்பிட்டாலோ 30 புள்ளி கிடைக்கும். அதனால் அளவு மாறவில்லை. இரவில் மறந்துபோகிற மாத்திரை காலைக்கு மாறியது. அடோர்வாஸ்டேட்டின் உடலில் நீண்ட நேரம் தங்குவதால் நாளில் எந்த நேரமும் சரிதான்.

14வது வாரம்: எல்டிஎல் 94, ஏஎல்டி 58. மாத்திரையைக் கூடுதலாகச் சாப்பிட்டபோது நொதி இறங்கியிருப்பதைக் கவனியுங்கள். ஸ்டேட்டின் தொடக்கத்தில் வரும் சிறிய ஏற்றம் பெரும்பாலும் மருந்து தொடரும்போதே தானாக அடங்கிவிடும்.

இனி அட்டவணைகள் பிரிகின்றன. ஐரோப்பியக் கணக்கில் அடுத்த லிப்பிட் ஓராண்டில், ஏஎல்டி தேவையில்லை. பிரிட்டன் கணக்கில் 12வது மாதத்தில் இரண்டும். அமெரிக்கக் கணக்கில் லிப்பிட் 3 மாதத்திலும் வரலாம், 12 மாதத்திலும் வரலாம்; மாத்திரையைத் தவறவிட்ட வரலாறு இருப்பதால் இவருக்கு ஆறாவது மாதத்தில் ஒன்று வைப்பது நியாயம்.

நான்காவது வழியில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் என்ன ஆகும்? 94, பிறகு 103, பிறகு 90, பிறகு 98 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். எதுவுமே மாறாத ஒருவருக்குக்கூட எல்டிஎல் நாளுக்கு நாள் சுமார் 8 சதவீதம் மேலும் கீழும் ஆடும். ஆய்வக இயந்திரத்தின் ஆட்டமும் அதில் சேரும். இரண்டு ரிப்போர்ட்டுகளுக்கு நடுவே சுமார் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் 'உண்மையாகவே மாறியிருக்கிறது' என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். 94-லிருந்து 103 என்பது 10 சதவீதம்கூட இல்லை. ஆனால் 103 இலக்கைத் தாண்டிய எண் என்பதால் அன்றைக்கே மருந்தளவு கூட்டப்பட்டுவிடும். அடுத்த முறை 90 வந்ததும், கூட்டியதால்தான் இறங்கியது என்று எல்லோரும் நம்புவார்கள். அடிக்கடி பார்ப்பதில் பணம், ஊசி வலி என்பதையெல்லாம்விட இந்தப் பொய்யான நம்பிக்கைதான் பெரிய நஷ்டம். ஏஎல்டி இன்னும் கூடுதலாக ஆடும். அடிக்கடி எடுக்க எடுக்க ஏதாவது ஒரு ரிப்போர்ட்டில் வரம்பைத் தாண்டி ஒரு எண் தட்டுப்படவே செய்யும்.

ரிப்போர்ட்டைக் கெடுக்கும் சில விஷயங்கள் பரிசோதனைக்கு முந்தைய நாட்களிலேயே நடந்துவிடுகின்றன. காய்ச்சல், அறுவை சிகிச்சை, மாரடைப்பு போன்ற கடும் நோயின்போது எல்டிஎல் தானாகவே இறங்கும். அதை மருந்தின் வெற்றி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, சில வாரம் விட்டுப் பார்க்க வேண்டும். பழக்கமில்லாத கடும் உடற்பயிற்சி செய்தபின் தசையிலிருந்தே இந்த நொதிகள் ரத்தத்தில் கலக்கும். அப்போது ஏஎஸ்டி என்ற இன்னொரு நொதி ஏஎல்டியைவிடத் தூக்கலாக இருக்கும், தசை நொதியான சிகே அளவும் ஏறியிருக்கும். பழி மட்டும் கல்லீரல்மேல் விழும். வெறும் வயிறு எப்போதும் கட்டாயமில்லை. பல ஆய்வகங்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொழுப்பிலிருந்து ஹெச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துச் சொல்கின்றன. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு நிற்காது. அப்போது வெறும் வயிற்றில் மறுபடி எடுக்க வேண்டும்.

எந்த அட்டவணையை எடுத்தாலும், கடிகாரத்தை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வைக்கும் தருணங்கள் உண்டு. மருந்தளவு மாறினாலும், எசெட்டிமைப் போன்ற இன்னொரு மாத்திரை சேர்ந்தாலும் மீண்டும் 4–12 வாரத்தில் லிப்பிட். டிரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபைப்ரேட் வகை மருந்து எடுப்பவர்களுக்குக் கல்லீரல் நொதியை 'ஒரு முறை போதும்' என்று விடுவதில்லை; அது தொடர வேண்டும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்து போன்றவை சில ஸ்டேட்டின்களின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால், அவற்றை எழுதித் தருபவரிடம் கொழுப்பு மாத்திரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

மஞ்சள் காமாலை, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, வலது விலாவுக்குக் கீழே வலி, விடாத குமட்டல், காரணமில்லாத கடும் சோர்வு ஆகியவற்றில் எது வந்தாலும் போன மாத ரிப்போர்ட் நன்றாக இருந்ததே என்று இருந்துவிடக் கூடாது. அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து ஏஎல்டியையும் பிலிருபினையும் எடுக்க வேண்டும்.