கிரெடிட் நோட் கேட்டு எழுதிய ஏழு வருடம்: எது வேலை செய்தது, எது செய்யவில்லை

கொள்முதல் மேசைக்கு நான் வந்து ஏழு வருடம் ஆகிறது. உடைந்து வந்த சரக்கு, கேட்டது ஒன்றும் வந்தது ஒன்றுமான சரக்கு என்று மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது சப்ளையரிடம் கிரெடிட் நோட், அதாவது பில் தொகையில் இவ்வளவைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் தரும் தாள், கேட்டு எழுத வேண்டி வரும். முதல் வருடம் நான் எழுதிய மெயில்களை இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. "தங்கள் சரக்கு மிக மோசமான நிலையில் வந்துள்ளது, உடனடியாக நடவடிக்கை எடுக்கவும்" என்று கோபம் மட்டும் இருக்கும். எந்த ஆர்டர், எத்தனை உருப்படி, அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றும் இருக்காது. அதைப் படிக்கிறவர் என்னிடம் திரும்பக் கேள்வி கேட்டே வாரங்கள் ஓடிவிடும்.

இப்போது ஒரு பக்க மெயில், கூடவே ஐந்தாறு படங்கள், அவ்வளவுதான் அனுப்புகிறேன். பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. இந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு போல்ட் கேஸ். அதையே முழுதாகச் சொல்கிறேன்.

உப்புத் தண்ணீர் ஓடும் பம்புகளுக்காக M10 அளவில் 600 ஸ்டெயின்லெஸ் போல்ட் கேட்டிருந்தோம். ஆர்டரில் ஸ்டெயின்லெஸ் வகை A4-70 என்று தெளிவாக இருந்தது. நூறு நூறாக ஆறு பெட்டி வந்தது. ஆறிலும் லேபிள் A4-70 என்றே சொன்னது. ஸ்டோரில் பெட்டியை எண்ணி, லேபிளைப் பார்த்து, 600 வரவு வைத்துவிட்டார்கள். நான்கு நாள் கழித்து ஃபிட்டர் அண்ணன் ஒரு போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "தலையில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க சார்" என்றார். A2-70. அதற்குள் அந்தப் பெட்டியிலிருந்து 24 போல்ட் பம்பில் ஏறிவிட்டன.

இரண்டும் பார்வைக்கு அச்சு அசல் ஒன்றுதான். A4 வகையில் இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்த்திருப்பார்கள். உப்பு படும் இடத்தில் தாக்குப்பிடிப்பது அதனால்தான். அது இல்லாத A2 அதே இடத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும். காந்தத்தை வைத்துப் பார்க்கலாமே என்று அப்போதே ஒருவர் சொன்னார். அது இங்கே உதவாது. இரண்டு வகையிலும் காந்தம் சரியாக ஒட்டாது, லேசாக ஒட்டினாலும் அதை வைத்து இது அது என்று பிரிக்க முடியாது. கையில் இருந்த ஒரே சாட்சி தலையில் இருந்த எழுத்துதான்.

நான் செய்த முதல் தப்பு இங்கேதான். அவசரத்தில் பத்துப் பன்னிரண்டு போல்ட்டை மேசையில் கொட்டி, படம் எடுத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் பதில் வந்தது: "பெட்டியின் மேல் A4-70 என்றே உள்ளது. தங்கள் ஸ்டோரில் வேறு சரக்குடன் கலந்திருக்கலாம்." படித்ததும் எரிச்சல் வந்தது. ஆனால் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். என் மேசையில் கிடக்கும் போல்ட் அவர்கள் பெட்டியிலிருந்து வந்தது என்பதற்கு என் படத்தில் ஆதாரமே இல்லை.

நல்ல வேளை, மீதி ஐந்து பெட்டி பிரிக்காமல் இருந்தன. இந்தத் தடவை நிதானமாக உட்கார்ந்தேன். முதலில் ஆறு பெட்டியின் லேபிளையும் வரிசையாகப் படம் எடுத்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: திறந்திருந்த பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் மட்டும் லாட் எண் ஒன்று, மற்ற நான்குக்கும் வேறு எண். அந்த இன்னொரு பெட்டியை எடுத்து, டேப் கிழியாமல் இருப்பது தெரிய நாலு பக்கமும் படம் எடுத்தேன். பிறகு ஒருவர் பெட்டியைப் பிரிக்க, இன்னொருவர் நிறுத்தாமல் வீடியோ எடுத்தார். கடைசியாக ஒரு போல்ட்டை லேபிள் பக்கத்திலேயே பிடித்து, லேபிளில் இருக்கும் A4-70, லாட் எண், போல்ட் தலையில் இருக்கும் A2-70 மூன்றும் ஒரே ஃபிரேமில் விழும்படி ஒரு படம். மற்ற நான்கு பெட்டிகளையும் இதே மாதிரி பிரித்துப் பார்த்தோம். அவற்றில் சரியான போல்ட்தான் இருந்தது.

அந்த ஒரு படம்தான் வழக்கை முடித்தது. தப்பு எங்கள் ஸ்டோரில் நடக்கவில்லை, அவர்கள் பேக் செய்த இடத்தில் ஒரு லாட்டுக்கு லேபிள் மாறியிருக்கிறது என்பது அதற்குமேல் வாதம் இல்லாமல் புரிந்தது. அன்றிலிருந்து என் கணக்கு இதுதான்: சரக்கு ஒரு படம், லேபிள் ஒரு படம் என்று தனித்தனியாக எத்தனை அனுப்பினாலும், இரண்டும் சேர்ந்து இருக்கிற ஒரு படத்துக்கு ஈடாகாது.

பளபளக்கும் உலோகத்தில் எழுத்தைப் படம் பிடிப்பது தனி வித்தை. ஃபிளாஷ் போட்டால் தலை முழுக்க வெள்ளையாகிவிடும், எழுத்து காணாமல் போகும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைக் கிட்டத்தட்ட மேசையோடு மேசையாகச் சாய்த்துப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் விளிம்பில் நிழல் விழும், சும்மாவே படிக்கலாம். இன்னொன்று, சாட் ஆப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிப்போய், சின்ன எழுத்து கலங்கிவிடும். மெயிலில் இணையுங்கள், இல்லையென்றால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். ஃபைல் பெயரில் ஆர்டர் எண்ணும் வரிசை எண்ணும் இருந்தால், "மூன்றாவது படத்தைப் பாருங்கள்" என்று எழுத வசதி.

இனி மெயில். இரண்டாவது தடவை நான் எழுதியது ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. இப்போதும் இதே வடிவம்தான், எண்களை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.

"வணக்கம். எங்கள் ஆர்டர் எண் இது, தங்கள் இன்வாய்ஸ் எண்ணும் தேதியும் இது, டெலிவரி சலான் எண் இது. வரிசை 2: M10 போல்ட், A4-70. ஆர்டர் செய்தது 600, பில் ஆனது 600, வந்தது 600. இதில் 200 (இரண்டு பெட்டி, லாட் எண் இது) தலையில் A2-70 என்று உள்ளது. படம் 3, 4 பார்க்கவும். 176 பிரித்து வைத்துள்ளோம், 24 பம்பிலிருந்து கழற்றப்படுகிறது. 200 உருப்படிக்கும் மேற்கண்ட இன்வாய்ஸைக் குறிப்பிட்டு, அதே விலையிலும் அதே வரி விகிதத்திலும் கிரெடிட் நோட் தரவும். சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் முகவரியும், வாகனச் செலவு யாருடையது என்பதும் தெரிவிக்கவும்."

இதில் கோபம் ஒரு சொல்லில்கூட இல்லை. கேள்வி கேட்க இடமும் இல்லை. படிக்கிறவர் தன் கணக்குப் பிரிவுக்கு அப்படியே ஃபார்வர்டு செய்தால் போதும். பம்பிலிருந்து போல்ட்டைக் கழற்றி மாற்றிய கூலியையும் இதிலேயே கேட்கலாமா என்று எங்கள் மேனேஜர் கேட்டார். வேண்டாம் என்றேன். சரக்கு விலைக்கான கிரெடிட் நோட்டைக் கணக்குப் பிரிவே போட்டுவிடும். கூலி, நஷ்டம் என்றால் மேலே யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கட்டினால் சுலபமானதும் கடினமானதோடு சேர்ந்து நின்றுவிடும். கூலிக்குத் தனியாக எழுதினோம்.

அவர்கள் மூன்றாம் நாளே ஒப்புக்கொண்டார்கள். "மாற்றுச் சரக்கு அனுப்பிவிட்டோம், விஷயம் முடிந்தது" என்று பதில். முடியவில்லை. மாற்று 200 போல்ட்டோடு புது இன்வாய்ஸும் வந்திருந்தது. இப்போது ஆர்டர் 600, இன்வாய்ஸ் இரண்டும் சேர்த்து 800. கிரெடிட் நோட் வராமல் விட்டால் 200 போல்ட்டுக்கு இரண்டு தடவை பணம் கட்டுவோம். மாற்றுச் சரக்கு பில் இல்லாமல் சலானில் மட்டும் வந்தால் கிரெடிட் நோட் தேவையில்லை. புது பில்லோடு வந்தால் கட்டாயம் தேவை. புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். நல்ல மனதோடு செய்த காரியம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

நம் பக்கமும் ஒரு வேலை உண்டு. ஸ்டோர் கணக்கில் 600 நல்ல சரக்கு என்றே நின்றுகொண்டிருந்தது. அதில் 200-ஐ நிராகரித்ததாக மாற்றி, பெட்டிகளில் சிவப்பு அட்டை கட்டித் தனியாக வைத்தோம். இல்லையென்றால் நாளைக்கே யாராவது அவசரத்துக்கு அதிலிருந்து பத்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் திருப்பி அனுப்பும் எண்ணிக்கை பொய்யாகிவிடும்.

உடைந்து வரும் சரக்கின் கதை இதைவிடச் சின்னது, ஆனால் நேரம் குறைவு. வெளியில் தெரியும் நசுங்கலோ ஈரமோ இருந்தால், கையெழுத்துப் போடும்போதே டெலிவரி சலானில் "இரண்டு பெட்டி ஒரு பக்கம் நனைந்துள்ளது" என்று எழுதி, அந்தத் தாளையும் படம் எடுத்துவிட வேண்டும். "பிரித்துப் பார்க்கவில்லை" என்று பொதுவாக எழுதுவதால் பெரிய பயன் இருந்ததாக எனக்கு அனுபவம் இல்லை. உள்ளே உடைந்திருப்பது பிறகு தெரிந்தால் அட்டை, தெர்மோகோல், நுரை எதையும் எறியாதீர்கள். டிரான்ஸ்போர்ட்காரர் "பேக்கிங் சரியில்லை" என்பார், சப்ளையர் "வண்டியில் போட்டு உடைத்தார்கள்" என்பார். இரண்டில் எது என்று சொல்வது அந்த அட்டைதான். வெளிநாட்டுக் கொள்முதல் என்றால், 1980-இல் வியன்னாவில் உருவான ஐ.நா. சரக்கு விற்பனை உடன்படிக்கை பொருந்தும் ஒப்பந்தங்களில், குறை என்ன வகை என்பதைக் குறிப்பிட்டு நியாயமான காலத்துக்குள் சொல்லாவிட்டால் அந்த உரிமையே போய்விடும் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. "சரக்கு சரியில்லை" என்று மொட்டையாக எழுதிய என் பழைய மெயில்கள் அங்கே நிற்குமா என்பது சந்தேகம்தான்.

படத்தால் ஆகாத இடங்களும் உண்டு. ஒரு நேரம் ஓடி ஒரு நேரம் நிற்கும் மோட்டாருக்குப் படம் எதையும் சொல்லாது. மீட்டரும் மோட்டாரின் பெயர்ப்பலகையும் ஒன்றாகத் தெரியும் வீடியோ ஓரளவு உதவும். எழுத்து இல்லாத தகடு, கம்பி போன்றவற்றில் உலோக வகை மாறியிருந்தால் பரிசோதனை அறிக்கைதான் வழி.

போல்ட் கேஸில் கிரெடிட் நோட் ஒருவழியாக வந்தபோது எண்ணிக்கை 176 என்று இருந்தது. பழைய இன்வாய்ஸ் எண்ணும் இல்லை. எண்ணிக்கையில் பாதித் தப்பு என்னுடையது. 176-ஐ முதல் வண்டியில் அனுப்பிவிட்டு, 24-ஐ அடுத்த வாரம்தான் அனுப்பினேன். அவர்கள் முதல் ரிட்டன் சலானைப் பார்த்துப் போட்டுவிட்டார்கள். இன்வாய்ஸ் எண் இல்லாததை எங்கள் கணக்குப் பிரிவு எந்த பில்லில் கழிப்பது என்று தெரியாமல் திருப்பி அனுப்பியது. இரண்டு சலானையும் ஒரே மெயிலில் இணைத்து, "மொத்தம் 200" என்று ஒரு வரி எழுதினேன். நான்காம் நாள் சரியான நோட் வந்தது. இப்போதெல்லாம் கழற்றி முடியும்வரை காத்திருந்து, ஒரே சலானில்தான் திருப்பி அனுப்புகிறேன்.