முதல் போனில் என்ன பேசுவது? ஒரே வீட்டுக்கு மூன்று ஸ்கிரிப்ட்

வீட்டை விற்பதாக ஓனரே பலகை மாட்டியிருக்கிறார், அல்லது விளம்பரம் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு ஏஜென்ட் அவருக்குப் போன் போடுகிறார். இந்த முதல் போனுக்குப் பெரும்பாலும் மூன்று விதமான ஸ்கிரிப்ட்தான் புழக்கத்தில் இருக்கிறது. மூன்றையும் ஒரே ஓனரிடம் சொல்லிப் பார்த்தால் எது எதுவரை போகும் என்று பார்ப்போம்.

ஓனர் இவர்: ஓய்வு பெற்றவர். ஆறு வாரமாகத் தானே விற்கப் பார்க்கிறார். எட்டுப் பேர் வந்து பார்த்தார்கள், ஒருவரும் மறுபடி பேசவில்லை. மனைவிக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏற முடியவில்லை; மகள் வீட்டுக்குப் பக்கத்தில் போய்விட நினைக்கிறார்கள். பத்திரம் இவர் பேரிலும் தம்பி பேரிலும் இருக்கிறது. ஏஜென்டுக்குத் தெரிந்தது போன் நம்பர் மட்டும்.

முதல் ஸ்கிரிப்ட், "பார்ட்டி இருக்கு."

"சார், உங்க வீட்டுக்கு ரெடியா ஒரு பார்ட்டி வெச்சிருக்கேன். எப்ப வந்து பார்க்கலாம்?"

ஓனர் போனை வைக்க மாட்டார். அது ஒன்றுதான் இதன் பலம். அடுத்து அவர் கேட்பது "என்ன விலைக்குக் கேக்கறாங்க?" என்பது. பார்ட்டி நிஜமாகவே இருந்தால் பதில் சொல்லலாம். இல்லாவிட்டால் அங்கிருந்து ஒவ்வொரு வாக்கியமும் பொய்யாகத்தான் கட்ட வேண்டும். ஆறு வாரமாகப் பலகை மாட்டியவருக்கு இந்த வசனம் புதிதும் இல்லை. இதே வாரத்தில் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். நாலு பார்ட்டியும் வந்து சேரவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். இல்லாத வாங்குபவரை இருப்பதாகச் சொல்வது, தொழிலுக்கு உரிமம் கேட்கும் ஊர்களில் உரிமத்துக்கே வினையாக முடியலாம்.

பார்ட்டி உண்மையிலேயே இருந்தால் இதைவிட நல்ல ஸ்கிரிப்ட் கிடையாது, மறுப்பதற்கில்லை. எனக்கு நானே வைத்த கட்டுப்பாடு ஒன்று உண்டு: டயல் செய்யும் முன் பார்ட்டியின் பெயர், எத்தனை அறை வேண்டும், எப்போது குடிபோக வேண்டும், பணம் கையில் இருக்கிறதா கடனா என்று நாலு வரி நோட்டில் எழுத முடிய வேண்டும். எழுத முடியாவிட்டால் அந்த வசனம் வாயில் வரக்கூடாது. நம் ஓனரிடம் இது போனால், வீட்டைக் காட்ட ஒரு நேரம் கிடைக்கும். மூட்டுவலியும் தம்பியும் தெரிய வராது.

இரண்டாவது, "இலவசமா விலை சொல்றேன்."

"சார், இப்ப உங்க வீடு எவ்வளவுக்குப் போகும்னு கணக்குப் போட்டுத் தர்றேன், காசு ஒண்ணும் வேண்டாம்."

இதில் பொய் இல்லை. விற்கலாமா வேண்டாமா என்று இன்னும் யோசனையில் இருப்பவரிடம் இது நன்றாகவே எடுபடும், ஏனென்றால் அவருக்கு வேண்டியதே அந்த எண். ஆனால் நம் ஓனர் பலகையே மாட்டிவிட்டார். அவர் மனதில் ஓர் எண் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதனால் பேச்சு உடனே விலைக்குத் தாவும்: "அப்ப சொல்லுங்க, எவ்வளவு போகும்?"

ஆபத்து இங்கேதான். வீட்டை உள்ளே போய்ப் பார்க்கவில்லை, சமையலறை எப்படி, சுவரில் ஈரம் உண்டா, எதுவும் தெரியாது. அவர் மனதில் இருப்பது 100 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 90 என்றால் அன்றோடு பேச்சு முடிந்தது. 110 என்றால் சந்தோஷமாகக் கூப்பிடுவார், ஆனால் அந்த 110 அவர் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். வீட்டைப் பார்த்தபின் 92தான் போகும் என்று தெரிந்தால், நீங்களே சொன்ன எண்ணோடு நீங்களே மல்லுக்கட்ட வேண்டும். அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் இது: "பார்க்காம சொன்னா அது என் குத்துமதிப்பு சார், உங்க வீட்டு விலை ஆகாது. அரை மணி நேரம் பார்த்துட்டு, சமீபத்துல இதே மாதிரி வித்த வீடுகளையும் பக்கத்துல வெச்சுச் சொல்றேன்." சிலர் முறைப்பார்கள். இரண்டு முறை கேட்டும் எண் வராவிட்டால் பெரும்பாலும் கேட்பதை விட்டுவிடுவார்கள்.

மூன்றாவதில் ஏஜென்ட் குறைவாகப் பேசுவார். நான் கையில் எடுப்பது இதைத்தான். நம் ஓனரோடு பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகும்:

"வணக்கம் சார், வீடு விக்க உதவி பண்ற ஏஜென்ட் பேசறேன். உங்க பலகையைப் பார்த்தேன். ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"ஏஜென்ட் வேண்டாம்னுதானே நானே போட்டிருக்கேன்."

"சரி சார், நீங்களே வித்துட்டா கமிஷன் மிச்சம், நல்லதுதான். எத்தனை பேர் வந்து பார்த்தாங்க?"

"எட்டுப் பேர்."

"மறுபடி யாராவது பேசினாங்களா?"

(இங்கே ஒரு மௌனம் வரும். அதை நிரப்பக் கூடாது. புதிதாக வந்தவர்கள் எல்லாருமே நிரப்பிவிடுவார்கள்.)

"இல்ல. பார்க்கறாங்க, போயிடறாங்க."

"வித்தபிறகு எங்க சார் போறதா இருக்கீங்க?"

"பொண்ணு வீட்டுப் பக்கம். வீட்டுக்காரம்மாவால மாடி ஏற முடியல."

"எப்பக்குள்ள போயிட்டா உங்களுக்கு வசதி?"

இந்த "எப்பக்குள்ள" கேள்விக்கு வரும் பதிலைக் கவனிக்க வேண்டும். "நல்ல விலை வந்தா பார்ப்போம்" என்றால் அவருக்கு அவசரம் இல்லை. சில வாரம் கழித்துப் பேசலாம். "மழைக்கு முன்னாடி போயிடணும்" என்று நாள் சொன்னால் விற்கும் எண்ணம் நிஜம். மற்ற இரண்டு ஸ்கிரிப்டும் இந்த இடத்துக்கு வருவதே இல்லை.

அடுத்தது யார் முடிவெடுப்பது என்பது. "நீங்கதானே சார் முடிவெடுக்கறவர்?" என்று கேட்டால் எந்த ஓனரும் ஆமாம் என்பார், கேள்வியே அவர் மானத்தைத் தொடுகிறது. "நான் வர்றப்ப வேற யாரும் கூட இருந்தா நல்லதா?" என்று கேட்டுப் பாருங்கள். "தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும், அவன் பேரும் பத்திரத்துல இருக்கு" என்று தானே வரும். இது தெரியாமல் போய் உட்கார்ந்தால், எல்லாம் பேசி முடித்தபின் தம்பி வேண்டாம் என்பார்.

கடைசியில் நேரம் கேட்பது: "நீங்களும் தம்பியும் இருக்கிற மாதிரி சனிக்கிழமை காலையிலயா, ஞாயிறு சாயங்காலமா? கையெழுத்து எதுவும் கேக்க மாட்டேன். எட்டுப் பேர் ஏன் திரும்பி வரலன்னு வீட்டைப் பார்த்தா எனக்குத் தோணுறதைச் சொல்றேன்." வீட்டை விற்கும் பொறுப்பை ஒப்படைக்கச் சொல்லி முதல் போனில் கேட்பதில்லை.

இந்த ஸ்கிரிப்டும் கெட்டுப்போகும். பதிலைக் கேட்காமல் அடுத்த கேள்விக்குத் தாவினால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். ஓனரின் பதில்கள் ஒற்றைச் சொல்லாகச் சுருங்குவதுதான் அடையாளம். அப்போது கேள்வியை நிறுத்திவிட்டு அவருக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்ல வேண்டும், அவர் விளம்பரப் படத்தில் மாடிப்படி மட்டும் தெரிகிறது, கூடம் தெரியவில்லை என்பது போல. "பிஸியா இருக்கேன்" என்பவரிடமும் இது செல்லாது. எப்போது கூப்பிடலாம் என்று கேட்டு வைத்துவிட வேண்டியதுதான். இனிக் கூப்பிடாதே என்றால் நம்பரை நோட்டிலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

கமிஷன் எவ்வளவு என்று நடுவில் கேட்டால் மழுப்ப வேண்டாம், வழக்கமாக வாங்குவதைச் சொல்லிவிடலாம். மறைத்தால் மீதிப் பேச்சு முழுக்க அவர் அதையே நினைத்துக்கொண்டிருப்பார்.

போனை வைத்ததும் நான் நோட்டில் எழுதுவது அவர் சொன்ன சொற்களையே: "மாடி ஏற முடியல", "மழைக்கு முன்னாடி", "தம்பி". சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்கப் போவது அந்த மாடிப்படியைத்தான். வந்த எட்டுப் பேரில் எத்தனை பேர் அங்கேயே தயங்கி நின்றார்கள் என்று கேட்கவேண்டும்.