இரண்டு நேர்கோடுகள்: மாசாய் மக்களும் சோமாலியரும்

1886-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் கிழக்கு ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டன. இந்தியப் பெருங்கடல் கரையிலிருந்து விக்டோரியா ஏரி வரை கோடு இழுத்தார்கள். கிளிமஞ்சாரோ மலையருகே மட்டும் அது வளைகிறது. இன்றைய கென்யா–தான்சானியா எல்லை இதுதான். மாடு மேய்க்கும் மாசாய் மக்கள் இருபுறமும் சிதறிப்போனார்கள்.

1897-இல் பிரிட்டனும் எத்தியோப்பியாவும் செய்த ஒப்பந்தம் சோமாலியரின் மேய்ச்சல் நிலத்தைக் குறுக்கே வெட்டியது. இதன் கொடுமை நிலத்தைப் பார்த்தால்தான் புரியும். கோடைக்குத் தேவையான கிணறுகள் வடக்கே, பிரிட்டிஷ் பக்கம். மழை பெய்ததும் ஒட்டகங்களுக்குப் புல் முளைப்பதோ தெற்கே, ஹவுட் சமவெளியில். அதன் பெரும்பகுதி எத்தியோப்பியாவுக்குப் போய்விட்டது. இரு பக்கத்தாரும் எல்லை தாண்டி மேய்க்கலாம் என்று ஒப்பந்தம் சொன்னது, சரி. ஆனால் 1960-இல் சோமாலியா விடுதலை பெற்றதும், அந்த உரிமை இனிச் செல்லாது என்றது எத்தியோப்பியா.

ஒரே மாதிரி வெட்டு, ஆனால் விளைவு வேறு. மாசாய் மக்கள் இரு நாடுகளிலும் சிறுபான்மை. அவர்களுக்காகப் படை திரட்ட ஓர் அரசு இல்லை. சோமாலியருக்கோ சொந்த அரசே இருந்தது. பிரிந்து கிடந்த ஐந்து சோமாலியப் பகுதிகளைக் கொடியின் ஐந்து முனை நட்சத்திரம் குறித்தது. 1977-இல் அந்த அரசு, எத்தியோப்பியாவில் சோமாலியர் வாழும் ஒகாடன் பகுதிக்குள் படையெடுத்தது. எல்லைக் கோட்டைவிட இந்த வேறுபாடுதான் போருக்கு வழிவிட்டது என்பது என் கணிப்பு. சோவியத், கியூப உதவியோடு எத்தியோப்பியா 1978-இல் அந்தப் படையை விரட்டியது. எல்லை இம்மியும் நகரவில்லை.